உருகுநிலை வீச்சு: திண்மங்களின் தூய்மையை அறியும் சோதனை

உருகுநிலை வீச்சு என்பது, திண்மம் ஒன்றைச் சீராகச் சூடேற்றும்போது முதல் திரவத்துளி தோன்றும் வெப்பநிலைக்கும் கடைசிப் படிகம் மறையும் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளி. தூய கரிமச் சேர்மங்கள் பெரும்பாலானவற்றில் இது 1°C-க்குள் அடங்கிவிடும். மாசு கலந்திருந்தால் உருகல் உரிய மதிப்புக்கு வெகு கீழேயே தொடங்கி, மெல்ல நீண்டு, உரிய மதிப்பை எட்டாமலே முடியும். இந்தத் தாழ்வுக்கும் அகலத்துக்கும் காரணம் ஒன்றுதான். ஆகவே ஆய்வகக் குறிப்பேட்டில் உருகுநிலையை ஒற்றை எண்ணாக எழுதாமல், தொடக்கமும் முடிவுமாக இரண்டு எண்களாக எழுதுவது மரபு.

மாறாத உருகுநிலையைத் தூய்மைக்கு அடையாளமாக முறைப்படி கையாண்டவர்களில் முன்னோடி பிரெஞ்சு வேதியியலர் மிஷேல் ஷெவ்ரல். விலங்குக் கொழுப்புகளைப் பற்றிய அவரது ஆய்வுகள் 1823-இல் நூலாக வெளிவந்தன. கொழுப்பைச் சோப்பாக்கி, அதிலிருந்து அமிலத்தைப் பிரித்து, அதை ஆல்கஹாலில் மீண்டும் மீண்டும் படிகமாக்கினார். ஒவ்வொரு முறையும் உருகுநிலையைப் பார்த்தார். அது மேலும் மாறாமல் நின்ற இடத்தில், கையில் இருப்பது ஒரே பொருள்தான் என்று முடிவுகட்டினார். ஸ்டீயரிக் அமிலம் அறிவியலுக்குக் கிடைத்தது இந்த வழியில்தான். 60°C அளவில் உருகி, முத்துப்போல் மினுங்கிய இன்னொரு படிகத்துக்கு அவர் மார்காரிக் அமிலம் என்று பெயரிட்டார். அது பாடநூல்களிலும் ஏறியது. பிற்காலத்தில் வெண்ணெய்க்கு மாற்றாக வந்த மார்கரினுக்கும் அந்தப் பெயரே வேராயிற்று.

அந்த அமிலம் தனிப்பொருள் அல்ல என்பதை 1850-களில் ஜெர்மனியின் ஹாலே நகரில் பணியாற்றிய வில்ஹெல்ம் ஹைன்ட்ஸ் காட்டினார். படிகமாக்கலை அவர் நம்பவில்லை. ஸ்டீயரிக் அமிலமும் பால்மிடிக் அமிலமும் நீளத்தில் இரண்டே கார்பன் அணுக்கள் வேறுபடும் சங்கிலிகள். ஆல்கஹாலிலிருந்து சேர்ந்தே படிகமாக விழக்கூடியவை. அதனால் அவர் அமிலக் கரைசலில் மக்னீசியம் அசிட்டேட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, உப்பாக வீழ்படிந்ததைப் பகுதி பகுதியாகப் பிரித்தெடுத்தார். மார்காரிக் அமிலம் இரண்டாகப் பிரிந்தது. பிறகு எதிர்த்திசையிலும் சோதித்தார்: தூய இரண்டு அமிலங்களையும் வெவ்வேறு விகிதங்களில் கலந்து, ஒவ்வொரு கலவையும் எங்கே உருகுகிறது என்று அட்டவணையிட்டார்.

அந்த அட்டவணையை இன்று படித்தாலும் பாடம் தெளிவாகத் தெரிகிறது. பால்மிடிக் அமிலம் 62.0°C-யிலும் ஸ்டீயரிக் அமிலம் 69.2°C-யிலும் உருகுவதாக அவர் அளந்தார். பால்மிடிக் அமிலத்தில் 10% ஸ்டீயரிக் அமிலத்தைச் சேர்த்தால் உருகுநிலை 60.1°C. சேர்க்கப்பட்டதோ உயர்ந்த உருகுநிலை கொண்ட பொருள். ஆனாலும் கலவையின் உருகுநிலை இறங்குகிறது. 30% சேர்க்கும்போது 55.1°C வரை தாழ்ந்து, அதன் பின்னரே ஏறத் தொடங்குகிறது. 60% ஸ்டீயரிக் அமிலம் உள்ள கலவை 60.3°C-யில் உருகுகிறது. ஏறத்தாழ ஒரே எண்ணைத் தரும் இரண்டு கலவைகள், தாழ்புள்ளியின் இருபுறமும் நிற்கின்றன. 60°C என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கையில் இருப்பது எது என்று சொல்ல வழியே இல்லை. பதினேழு கார்பன் கொண்ட உண்மையான மார்காரிக் அமிலம் பின்னர் தொகுத்தெடுக்கப்பட்டபோது, அதுவும் 61°C அளவில்தான் உருகியது. ஷெவ்ரலின் எண் தவறில்லை, அந்த எண்ணிலிருந்து அவர் எடுத்த முடிவே தவறு.

தாழ்வு ஏன் ஏற்படுகிறது என்பதற்கான விடை வேறு திசையிலிருந்து வந்தது. உப்பு கரைந்த நீரின் உறைநிலை, கரைந்த அளவுக்கு ஏற்பத் தாழ்கிறது என்று சார்ல்ஸ் பிளாக்டன் 1788-லேயே அளந்திருந்தார். 1882-இல் பிரான்சுவா ராவுல்ட் கரிமச் சேர்மங்களின் கரைசல்களை ஆராய்ந்து, தாழ்வைத் தீர்மானிப்பது கரைந்த மூலக்கூறுகளின் எண்ணிக்கை என்று நிறுவினார். தாழ்வின் அளவை உருகல் வெப்பத்தோடு இணைக்கும் சமன்பாட்டை அதே பத்தாண்டில் வான்ட் ஹாஃப் வருவித்தார். இரு திண்மக் கலவைகளுக்கு மிகத் தாழ்ந்த உருகுநிலை உள்ள ஒரு விகிதம் உண்டு என்பதைக் கவனித்த ஃபிரெடரிக் கத்ரி, 1884-இல் அதற்கு யூடெக்டிக் என்று பெயர் வைத்தார். உருகுநிலையில் திண்மமும் திரவமும் சமநிலையில் இருக்கின்றன. மாசு திரவத்தில் கரைகிறது, படிகத்துக்குள் அதற்கு இடமில்லை. கரைந்த மாசினால் திரவ நிலை கூடுதல் நிலைப்பு பெறுகிறது. அதனால் படிகம் இன்னும் குறைந்த வெப்பநிலையிலேயே திரவமாகிவிடுகிறது.

இது தாழ்வுக்கு விளக்கம். அகலத்தின் காரணத்தைக் காண, ஒரு மாதிரியை உருகத் தொடங்கும் கணத்திலிருந்து பின்தொடர வேண்டும். நாப்தலீன் 80.2°C-யில் உருகுகிறது. அதில் நூற்றுக்கு ஒரு மூலக்கூறு பைஃபீனைல் கலந்திருப்பதாகக் கொள்வோம். இந்த இணையின் யூடெக்டிக் 40°C-க்கு அருகே உள்ளது. முதல் திரவம் அங்கேயே தோன்றிவிடும். ஆனால் அது மொத்தத்தில் 2% கூட இருக்காது, கண்ணுக்குத் தெரியாது. கலவையில் உள்ள பைஃபீனைல் முழுவதும் அந்தச் சிறு திரவத்துக்குள் போய்விடுகிறது. அதன்பின் உருகும் ஒவ்வொரு நாப்தலீன் படிகமும் அந்தத் திரவத்தை நீர்க்கச் செய்கிறது. மாதிரியில் பத்தில் ஒரு பங்கு உருகியிருக்கும்போது திரவத்தில் மாசு 10%. அந்த நிலையில் வெப்பநிலை 74.5°C அளவில் இருக்கும். பாதி உருகியபோது மாசு 2%, வெப்பநிலை 79.1°C. முழுவதும் உருகும்போதுதான் மாசு 1%-க்கு வரும், அப்போது 79.7°C.

இந்த நான்கு நிலைகளையும் சேர்த்துப் பார்த்தால் அகலம் எங்கிருந்து வருகிறது என்பது புலப்படும். மாசின் மொத்த அளவு மாறுவதில்லை. அது கரைந்திருக்கும் திரவத்தின் அளவுதான் பெருகிக்கொண்டே போகிறது. மேல்முனை உரிய மதிப்பிலிருந்து அரைப் பாகையே விலகியிருக்க, கீழ்முனையோ பல பாகை கீழே இழுபட்டிருக்கிறது. எனவே மேல்முனையை மட்டும் பார்த்து, உரிய எண் கிட்டத்தட்ட வந்துவிட்டது என்று நிறைவடைவது சரியல்ல. மாசைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் கீழ்முனைதான். மாசு 10% ஆனால் மேல்முனையும் 74.5°C-க்கு இறங்கிவிடும், யூடெக்டிக் புள்ளியிலேயே மாதிரியில் ஆறில் ஒரு பங்கு திரவமாகி, தூள் நனைந்து சுருங்குவது வெறும் கண்ணுக்கே தெரியும். எல்லாப் பொருள்களிலும் தாழ்வு ஒரே அளவாக இருப்பதில்லை. உருகல் வெப்பம் குறைந்த கற்பூரத்தில் அதே 1% மாசு ஏறத்தாழ இரண்டரைப் பாகைத் தாழ்வைத் தரும். கே. ராஸ்ட் 1922-இல் இந்தப் பண்பையே கருவியாக்கி, கற்பூரத்தில் கரைத்த பொருளின் மூலக்கூறு எடையைச் சாதாரண வெப்பநிலைமானியால் கணித்தார்.

அளவிடும் முறை எளியது, ஆனால் பொறுமை கேட்பது. ஒரு முனை மூடிய, ஏறக்குறைய 1 மி.மீ. உள்விட்டமுள்ள கண்ணாடி நுண்குழாயில், நன்கு உலர்ந்து பொடித்த தூளை 2 அல்லது 3 மி.மீ. உயரத்துக்கு இறுகத் தட்டி அடைக்கிறார்கள். அதை வெப்பநிலைமானியின் குமிழோடு ஒட்டிக் கட்டி எண்ணெயில் தொங்கவிடுகிறார்கள். பக்கக்கிளை கொண்ட குழாயை யோஹன்னஸ் தீலே 1907-இல் வடிவமைத்தார். கிளையைச் சூடாக்கினால் எண்ணெய் தானே சுழன்று வெப்பத்தைப் பரப்புவதால் கலக்கி தேவையில்லை. மின்னால் சூடாகும் கருவிகள் பரவிய பின்னும் கற்பிக்கும் ஆய்வகங்களில் அது மறையவில்லை. எதிர்பார்க்கும் உருகுநிலைக்கு 15 பாகை கீழே வரை விரைவாகச் சூடேற்றலாம். அதன்பின் நிமிடத்துக்கு 1 அல்லது 2 பாகைக்கு மேல் ஏறக்கூடாது.

அகன்ற வீச்சுக்கு மாசு மட்டுமே காரணம் என்று கொள்வதற்கு முன், அளந்த விதத்தையே சந்தேகிக்க வேண்டும். வேகமாகச் சூடேற்றினால் வெப்பநிலைமானி முந்திக்கொள்ளும், தூள் பின்தங்கும். வீச்சு அகன்று தெரியும், ஆனால் மேல்நோக்கி அகன்றிருக்கும். தூளை அதிகமாக அடைத்தாலும் விளிம்பு உருகிய பின்னரே நடுப்பகுதி உருகும். மாசினால் வரும் அகலமோ பெரும்பாலும் கீழ்நோக்கியது. சரியாக உலராத மாதிரியில் எஞ்சிய ஆல்கஹாலும் நீரும் மாசுகளே. மீண்டும் உலர்த்தி அளந்ததும் வீச்சு ஒடுங்கினால் குற்றவாளி கரைப்பான்தான். நிறம் கருகி, குமிழிகள் எழுந்தால் பொருள் சிதைகிறது. அப்போது கிடைக்கும் எண் சூடேற்றிய வேகத்தையும் சார்ந்தது, அதைத் தூய்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

தாழ்வை வேண்டுமென்றே வரவழைத்து அடையாளம் காணும் முறையும் உண்டு. யூரியாவும் சின்னமிக் அமிலமும் தனித்தனியே 133°C-க்கு அருகில் கூர்மையாக உருகுகின்றன. பெயர் தெரியாத ஒரு பொருளும் அங்கேயே உருகினால், அது யூரியாதானா என்று அறிய, அறிந்த யூரியாவோடு சம அளவில் அரைத்துக் கலக்கிறார்கள். அறிந்தது, அறியாதது, கலவை ஆகிய மூன்று குழாய்களையும் ஒரே எண்ணெயில் அருகருகே வைத்துச் சூடேற்றினால், வெப்பநிலைமானியின் பிழை மூன்றுக்கும் பொதுவாகிவிடும். மூன்றும் சேர்ந்து உருகினால் பொருள் யூரியா. கலவை மட்டும் வெகு கீழே நனைந்து இழுபட்டால், அறியாதது யூரியா அல்ல. நிறமாலைக் கருவிகள் வருவதற்கு முன் இரண்டு மாதிரிகள் ஒன்றே என்று காட்ட வேதியியலர்களிடம் இருந்த வழிகளில் உறுதியானவற்றுள் இதுவும் ஒன்று.

கூர்மையான உருகல் தூய்மைக்கு முழுச் சான்றாகாத இடங்கள் மூன்று. மாசு திரவத்தில் கரையாவிட்டால் தாழ்வே இராது. கரிமப் பொருளில் கலந்த மணலும், பெரும்பாலான கனிம உப்புகளும் இந்த வகை. உருகிய துளி தெளியாமல் கலங்கலாகவோ அடியில் துகளோடோ நிற்பதுதான் ஒரே அறிகுறி. கலவை சரியாக யூடெக்டிக் விகிதத்தில் அமைந்துவிட்டால், தூய பொருளைப் போலவே ஒரே புள்ளியில் உருகும். ஒரு கூறை இன்னும் சற்றுச் சேர்த்து அளந்ததும் உருகலின் முடிவு மேலேறுவதால் அது வெளிப்படும். மூன்றாவது, மாசு படிகத்துக்குள்ளேயே இடம்பிடித்துத் திண்மக் கரைசலாவது. அங்கே தாழ்வு குறைவாக இருக்கலாம், சில இணைகளில் உருகுநிலை ஏறவும் செய்யும்.

1960-களில் வந்த வேறுபாட்டு வருடல் கலோரிமானி, கண்ணால் பார்ப்பதற்குப் பதிலாக மாதிரி உறிஞ்சும் வெப்பத்தை வரைகோடாக்கியது. எவ்வளவு பங்கு உருகியது என்பதை அந்தக் கோட்டின் பரப்பிலிருந்து கணிக்கலாம். ஒவ்வொரு பங்குக்கும் உரிய வெப்பநிலையை, உருகிய பங்கின் தலைகீழ் மதிப்புக்கு எதிரே குறித்தால் நேர்கோடு கிடைக்கும். அதன் சாய்விலிருந்து மாசின் மோல் விகிதம் நேரடியாக வந்துவிடும். மேலே நாப்தலீனுக்குச் செய்த கணக்குதான் இது, தலைகீழாகச் செய்யப்படுகிறது. மாசு சில விழுக்காட்டுக்கு மேல் போனால் கோடு வளைந்துவிடும். கரையாத மாசையும் படிகத்துக்குள் புகுந்த மாசையும் இந்தக் கருவியும் நுண்குழாயைப் போலவே தவறவிடுகிறது.