செயற்கட்ட வரைபடமும் ஏணி வரைபடமும்

செயற்கட்ட வரைபடம் என்பது பிஎல்சி எனப்படும் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கணினிக்கு நிரல் எழுத உதவும் வரைபட மொழி. கட்டுப்பாட்டு அறைகளில் இதை எஃப்பிடி என்கிறார்கள். கூட்டல், வர்க்கமூலம், பிஐடி கட்டுப்பாடு போன்ற ஒவ்வொரு வேலையும் ஒரு கட்டமாக வரையப்படும். கட்டத்தின் இடப்பக்கம் உள்ளீடுகள் நுழையும், வலப்பக்கம் விடை வெளிவரும். கட்டங்களை இணைக்கும் கோட்டில் ஓடுவது ஒரு மதிப்பு. ஏணி வரைபடம் எனப்படும் லேடரிலும் கோடுகள் உண்டு. ஆனால் அங்கே கோட்டில் ஓடுவது உண்டு, இல்லை என்ற அனுமதி மட்டுமே. இரண்டு மொழிகளின் பலமும் பலவீனமும் பெரும்பாலும் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

வரலாறு

லேடர், ரிலே பலகைகளிலிருந்து வந்தது. 1968-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமாட்டிக் பிரிவு, கார் மாடல் மாறும்போதெல்லாம் ரிலே கம்பிகளைப் பிரித்துக் கட்டும் வேலைக்கு மாற்றுக் கருவி கேட்டது. டிக் மோர்லியும் அவருடைய பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ் குழுவும் உருவாக்கிய மோடிகான் 084 அந்தத் தேவைக்குப் பதிலாக வந்தது. அது அக்குழுவின் 84-ஆவது திட்டம் என்பதால் அந்த எண். பராமரிப்பு எலக்ட்ரீஷியன்கள் ஏற்கெனவே படித்துப் பழகிய ரிலே சுற்றுப்படமே நிரல்மொழியாகவும் ஆனது. இடப்பக்கம் மின்சாரம் வரும் கம்பம், நடுவில் கான்டாக்டுகள், வலக்கோடியில் காயில். கான்டாக்டுகள் எல்லாம் மூடினால் காயில் உயிர்பெறும்.

எஃப்பிடியின் ஒரு வேர் மின்னணு லாஜிக் கேட் படங்கள். அதைவிட ஆழமான வேர் கருவியியலில் இருக்கிறது. இரசாயன ஆலைகளிலும் மின்நிலையங்களிலும் ஒவ்வொரு வால்வுக்கும் தனி அனலாக் கட்டுப்பாட்டுக் கருவி பேனலில் இருந்தது. டிரான்ஸ்மிட்டரிலிருந்து கருவிக்கும், அங்கிருந்து வால்வுக்கும் 4 முதல் 20 மில்லிஆம்பியர் மின்னோட்டம் இடையறாமல் ஓடியது. அமெரிக்கக் கொதிகலன் பொறியாளர்கள் அந்த ஓட்டத்தை 'சாமா' குறியீடுகளால் வரைந்தார்கள். மேலே அளவீடுகள், நடுவே கூட்டலும் பிஐடியும், அடியில் வால்வு. கணினிவழிக் கட்டுப்பாடு பரவுவதற்கு முன்பே எஃப்பிடியின் இலக்கணம் அந்தத் தாள்களில் ஏறக்குறைய முழுமையடைந்துவிட்டது.

1962-இல் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனம் ஒரு முழு அனலாக் கருவித் தொகுதியை எடுத்துவிட்டு ஃபெராண்டி ஆர்கஸ் என்ற ஒரே கணினியை வைத்தது. அது 224 அளவுகளைப் படித்து 129 வால்வுகளை நேரடியாக இயக்கியது. 1975-இல் ஹனிவெல்லின் டிடிசி 2000, யோகோகாவாவின் சென்டம் ஆகிய பரவல் கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளிவந்தன. இவற்றில் பழைய பேனல் கருவி ஒவ்வொன்றும் நினைவகத்தில் ஒரு கட்டமாக இடம்பிடித்தது. பொறியாளர் நிரல் எழுதவில்லை. எந்தக் கட்டத்தின் விடை எந்தக் கட்டத்துக்குள் போக வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

பிஎல்சி உலகில் சீமென்ஸின் எஸ்5 வரிசை ஒரே நிரலை மூன்று விதமாக எழுத இடம் தந்தது: KOP என்ற ஏணி, FUP என்ற செயற்கட்டம், AWL என்ற கட்டளைப் பட்டியல். 1993-இல் வந்த ஐஇசி 1131-3 தரநிலை, பின்னாளில் 61131-3 என்று எண் மாறியது. ஏணியும் எஃப்பிடியும் அதில் சம உரிமையுள்ள மொழிகளாக நுழைந்தன. ஒரே பிஐடி கட்டத்தை இரண்டிலும் அழைக்கலாம் என்று அது வகுத்ததால், எந்த மொழியில் எழுதினாலும் ஒன்றுதான் என்ற எண்ணம் பரவியது. கணக்கில் அது சரி. ஆலையில் சரியில்லை என்பதை ஒரு கொதிகலன் காட்டும்.

கொதிகலன் டிரம்மின் நீர்மட்டம்

டிரம்மில் நீர் குறைந்தால் குழாய்கள் காய்ந்து வெடிக்கும். கூடினால் நீராவியோடு நீர்த்துளிகள் சென்று டர்பைனைத் தாக்கும். எனவே மட்டம் 50 சதவீதத்தில் நிற்க வேண்டும். மட்டத்தை மட்டும் பார்த்து ஊட்டுநீர் வால்வைத் திருப்பினால் போதாது. நீராவித் தேவை திடீரென்று உயரும்போது டிரம்மில் அழுத்தம் இறங்குகிறது, நீருக்குள் இருக்கும் ஆவிக்குமிழிகள் விரிகின்றன, உண்மையில் நீர் குறைந்துகொண்டிருக்கும் வேளையில் மட்டம் உயர்ந்தது போலக் காட்டும். கட்டுப்பாடு இதை நம்பி வால்வை மூடினால், நீர் மிகவும் தேவைப்படும் நேரத்தில் நீர் நின்றுபோகும்.

இதற்கான தீர்வு மூன்று அளவுக் கட்டுப்பாடு. மட்டத்தின் பிஐடி ஒரு திருத்தம் மட்டும் தரும். அதோடு நீராவி ஓட்டம் கூட்டப்படும். அந்தக் கூட்டுத்தொகையே ஊட்டுநீர் ஓட்டத்தின் பிஐடிக்கு இலக்கு. கொதிகலன் மணிக்கு 60 டன் நீராவி தந்துகொண்டிருக்கிறது, தேவை 80 டன்னுக்குத் தாவுகிறது என்று கொள்வோம். குமிழி விரிவால் மட்டம் 56 சதவீதம் காட்டுகிறது. பிழை −6. ஒரு சதவீதப் பிழைக்கு 0.5 டன் என்று பெருக்கம் வைத்திருந்தால் திருத்தம் −3 டன். புதிய இலக்கு 80 − 3, அதாவது 77 டன். மட்டம் பொய் சொன்ன அந்தக் கணத்திலும் வால்வு சரியான திசையில் திறக்கிறது.

எஃப்பிடியில் இது ஒரே தாளில் அடங்கும். இடப்பக்கம் மூன்று அளவீடுகள். ஓட்ட அளவீடுகள் இரண்டும் அழுத்த வேறுபாட்டிலிருந்து கிடைப்பவை, ஆகவே ஒவ்வொன்றும் ஒரு SQRT கட்டத்தைக் கடந்து வரும். பிறகு மட்டத்தின் பிஐடி, ADD, ஓட்டத்தின் பிஐடி, வால்வு. ஆலை ஓடும்போது திரையில் ஒவ்வொரு கோட்டின் மேலும் −3, 80, 77 என்ற எண்கள் நிற்கும். எங்கே தவறு என்பதைக் கோட்டின் மீது விரல் வைத்தே கண்டுவிடலாம்.

ஏணியில் இதே வேலை ஐந்தாறு படிகளாகப் பிரியும். ஒரு படியின் கோடு எண்ணைச் சுமக்காது. ஆகவே ஒவ்வொரு படியும் தன் விடையை ஒரு பதிவகத்தில் எழுதிவைக்கும், அடுத்த படி அதைப் பெயர் சொல்லி எடுக்கும். இரண்டு படிகளுக்கும் இடையிலான உறவு வரையப்படவே இல்லை, பெயரில் ஒளிந்திருக்கிறது. படிப்பவர் பெயரைத் தேடித் தேடித்தான் ஓட்டத்தை மனதில் கட்ட வேண்டும்.

இன்னொரு ஆபத்து ஒவ்வொரு படியின் தொடக்கத்திலும் இருக்கிறது. ADD கட்டத்துக்கு முன்னால் 'பம்ப் ஓடுகிறது' என்ற கான்டாக்டை ஒருவர் நல்லெண்ணத்தோடு சேர்க்கிறார். அது கட்டத்தின் EN முனைக்குப் போகிறது. கான்டாக்ட் திறந்தால் கூட்டல் பூஜ்யம் ஆகாது. கூட்டலே நடக்காது, பதிவகத்தில் கடைசி விடை அப்படியே இருக்கும். பம்ப் மாற்றத்தின்போது தேவை 80-இலிருந்து 60-க்கு இறங்கினாலும் இலக்கு 77-இல் உறைந்து நிற்கும், ஓட்டத்தின் பிஐடி அதைத் துரத்திக்கொண்டே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க டிரெண்ட் வரைபடம் போதும். உயிருள்ள அளவீட்டில் சிறு நடுக்கம் எப்போதும் இருக்கும். நீராவியும் மட்டமும் அசையும்போது இலக்கு மட்டும் அளவுகோல் வைத்து இழுத்தது போல நேராகச் சென்றால், ஏதோ ஒரு படி இயங்கவில்லை என்று பொருள். எஃப்பிடி கட்டங்களிலும் EN முனை உண்டு, ஆனால் அதை இணைக்க வேண்டிய கட்டாயமில்லை. இணைக்காவிட்டால் கட்டம் ஒவ்வொரு ஸ்கேனிலும் கணக்கிடும். நிபந்தனை வேண்டிய இடத்தில் SEL கட்டத்தால் இரண்டு மதிப்புகளில் ஒன்றைத் தேர்வுசெய்வது வழக்கம். இரண்டுமே உயிரோடு இருக்கும்.

பின்னோக்கிய கோடு

தொடர் சிக்னல் என்றால் அளவீட்டிலிருந்து வால்வை நோக்கி முன்னே ஓடுவது மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் எஃப்பிடியின் உண்மையான வலிமை பின்னோக்கி ஓடும் கோட்டில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஆபரேட்டர் ஊட்டுநீர் வால்வைக் கையால் இயக்குகிறார். மட்டம் 2 சதவீதம் குறைவாகவே நிற்கிறது. இதை அறியாத மட்டத்தின் பிஐடி பிழையைத் திரட்டித் திரட்டித் தன் திருத்தத்தை +20 டன் என்ற உச்சவரம்பு வரை ஏற்றிவிடும். மறுபடி தானியங்கிக்கு மாற்றிய நொடியில் இலக்கு 20 டன் தாவும்.

இதைத் தடுக்க, ஓட்டத்தின் பிஐடி கைமுறையில் இருக்கும்வரை மட்டத்தின் பிஐடி தன் திருத்தத்தை ஊட்டுநீர் ஓட்டத்துக்கும் நீராவி ஓட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்குச் சமமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஊட்டுநீர் 28, நீராவி 27 என்றால் திருத்தம் +1. மாற்றும்போது வால்வு அசையாது. ஃபவுண்டேஷன் ஃபீல்ட்பஸ் கட்டங்களில் இந்தக் கோட்டுக்கு நிலையான முனைகளே உண்டு: கீழ்க்கட்டத்தின் BKCAL_OUT, மேல்கட்டத்தின் BKCAL_IN. அந்தக் கோட்டில் மதிப்போடு அதன் தரத்தைச் சொல்லும் நிலைக்குறியும் பயணிக்கும். ஏணியிலும் இதைச் செய்யலாம். ஆனால் வரையப்படாத ஒரு கோடு விடுபட்டுப்போனால் அது யார் கண்ணிலும் படாது.

பின்னோக்கிய கோடு வந்ததும் எஃப்பிடி தனக்கென ஒரு சிக்கலையும் கொண்டுவருகிறது. படம் வளையமாகிவிடுவதால் எந்தக் கட்டம் முதலில் கணக்கிடப்படும் என்பது படத்திலிருந்து தெரியாது. தரநிலையின் விதிப்படி வளையத்தில் ஒரு மதிப்பு முந்தைய ஸ்கேனிலிருந்து எடுக்கப்படும். ஒரு ஸ்கேன் தாமதம் டிரம் மட்டத்துக்கு ஒரு பொருட்டல்ல. ஆனால் கட்டங்களைக் கண்ட இடத்தில் வைக்கவிடும் மென்பொருள்களில் வரிசை எண்கள் தலைகீழாக விழுந்தால், ஐந்து கட்டத் தொடரில் நான்கு ஸ்கேன்கள் வீணாகும். ஸ்கேன் 250 மில்லிநொடி என்றால் அது ஒரு முழு நொடி, வேகமான ஓட்டக் கட்டுப்பாட்டை அலையவைக்கப் போதுமானது. உள்ளீட்டை ஒருமுறை படியாக உயர்த்தி, கடைசிக் கட்டத்தின் விடை எத்தனை ஸ்கேன் கழித்து அசைகிறது என்று பார்த்தால் குட்டு வெளிப்படும். இந்த ஒரு விஷயத்தில் ஏணி தெளிவானது: மேலிருந்து கீழே, அவ்வளவுதான்.

ஏணியின் இடம்

அதே கொதிகலனில் பர்னர் எரியலாமா கூடாதா என்ற கேள்விக்கு ஏணியே பொருந்தும். விசிறி ஓடுகிறது, எரிவாயு அழுத்தம் உண்டு, மட்டம் அபாயத்தில் இல்லை, தீச்சுடர் தெரிகிறது. இந்தக் கான்டாக்டுகள் வரிசையாக நிற்க, இரவில் வரும் எலக்ட்ரீஷியன் திரையில் எந்தக் கான்டாக்டோடு நிறம் நிற்கிறது என்று பார்த்தே பர்னர் ஏன் அணைந்தது என்று சொல்லிவிடுவார். எஃப்பிடியில் அது பல கால்கள் கொண்ட ஒரு AND கட்டமாகி, காரணத்தை ஒவ்வொரு காலாகத் தேட வைக்கும். தொடங்கும் முன் புகைப்பாதையைக் காற்றால் கழுவும் படிவரிசைக்கு இரண்டுமே பொருந்தாது. தரநிலை அதற்கு வேறொரு மொழியை வைத்திருக்கிறது.

இரண்டு மொழிகளும் சந்திக்கும் புள்ளி ஒரு பிட். குறைந்த சுமையில் மூன்று அளவுக் கட்டுப்பாட்டை நம்ப முடியாது. ஓட்டம் 10 சதவீதம் என்றால் அழுத்த வேறுபாடு 1 சதவீதம் மட்டுமே. அதில் கால் சதவீதம் பிழை வந்தாலும் ஓட்டம் 11 சதவீதத்துக்கு மேல் காட்டும். ஆகவே சுமை சுமார் 30 சதவீதத்தைத் தாண்டிவிட்டதா, டிரான்ஸ்மிட்டர்கள் நலமா என்பதை ஏணியின் ஒரு படி சோதித்து ஒரு காயிலை உயிர்ப்பிக்கும். அந்தக் காயிலின் பிட் எஃப்பிடி தாளின் SEL கட்டத்துக்குள் நுழைந்து, வால்வு மட்டத்தை மட்டும் கேட்க வேண்டுமா மூன்றையும் கேட்க வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கும். தேர்வாகாத பிஐடி அந்த நேரமெல்லாம் பின்னோக்கிய கோட்டின் வழியே வால்வின் நிலையைத் தொடர்ந்துகொண்டிருக்கும்.