போடிக்கு வந்த லெய்டன் ஜீன்: ரத்தக்கட்டிக்குப் பரம்பரைப் பரிசோதனை யாருக்கு வேண்டும்? யாருக்கு வேண்டாம்?

போன வருசம் ஆவணி கடைசியில் ஒரு அம்மா ஓபிக்கு வந்தார். விடியக்காலை ஜீப்பில் போடி மெட்டு ஏறி ஏலக்காய் எடுத்துவிட்டு சாயங்காலம் இறங்குகிறவர். அன்று வேலைக்குப் போகாமல் கையில் ஒரு ஃபைலோடு வந்திருந்தார்.

"பெரியவளுக்கு ரத்தத்துல பரம்பரை நோயாம் டாக்டர். சின்னவளுக்குப் பேசி முடிச்ச சம்பந்தம் நிக்குது."

பெரிய மகளுக்கு ஆடியில் சிசேரியன். பன்னிரண்டாம் நாள் இடது கால் தொடை வரை வீங்கியது. டாப்ளர் ஸ்கேனில் ஆழ்சிரையில் ரத்தக்கட்டி. ஹெப்பாரின் ஊசி போட்டு, வார்ஃபரின் மாத்திரைக்கு மாற்றியிருந்தார்கள். வைத்தியத்தில் ஒரு குறையும் இல்லை. மாத்திரை தொடங்கிய மூன்றாவது வாரம் யாரோ சொன்னார்கள் என்று ஒரு லேபில் மொத்தப் பேக்கேஜாக ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். ஃபேக்டர் ஃபைவ் லெய்டன்: இல்லை. புரோட்டீன் சி: குறைவு. புரோட்டீன் எஸ்: குறைவு. கீழே தடித்த எழுத்தில், பரம்பரைக் குறைபாடாக இருக்கலாம் என்று ஒரு வரி. அந்த ஒரு வரிதான் கல்யாணத்தை நிறுத்தியது.

சரி, இந்த லெய்டன் என்ன, போடி வரைக்கும் எப்படி வந்தது என்று பார்ப்போம்.

நமக்கு அடிபட்டால் ரத்தம் உறைய வேண்டும். உறைந்ததும் அது நிற்கவும் வேண்டும். உறைதலை வேகப்படுத்தும் புரதங்களில் ஒன்று ஐந்தாம் காரணி. 1943ல், ஜெர்மானியப் படை பிடித்து வைத்திருந்த நார்வேயில், ரத்தப்போக்கு நிற்காத ஒரு பெண்ணிடம் பால் ஓவ்ரென் என்ற மருத்துவர் கண்டுபிடித்தது இது. அதுவரை நான்கு காரணிகள்தான் தெரியும், இது ஐந்தாவது, அதனால் அந்தப் பெயர். இதற்கு பிரேக் போடுவது புரோட்டீன் சி. ஐந்தாம் காரணியைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டிச் செயலிழக்க வைக்கும். புரோட்டீன் எஸ் அதற்கு உதவியாள்.

அடுத்த ஐம்பது வருடம் கழித்து, 1993ல், ஸ்வீடனின் மால்மோவில் பியோர்ன் டால்பேக் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார். திரும்பத் திரும்ப ரத்தக்கட்டி வந்த ஒருவருடைய பிளாஸ்மாவில் புரோட்டீன் சி-யை ஊற்றினால் உறையும் நேரம் நீள வேண்டும். நீளவில்லை. பிரேக் இருக்கிறது, பிடிக்கவில்லை! 1994ல் நெதர்லாந்தின் லெய்டன் நகரத்தில் ரோகியர் பெர்ட்டினாவின் குழு காரணத்தைக் கண்டுபிடித்தது. ஐந்தாம் காரணியின் ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. அதனால் புரதத்தில் வெட்டு விழ வேண்டிய 506வது இடம் மாறிப்போய், கத்தி அங்கே இறங்கவில்லை. ஊர் பெயரே ஜீன் மாற்றத்துக்கும் பெயராகிவிட்டது.

ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு இது உண்டு. இருபதாயிரம் வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஒரு மூதாதையிடமிருந்து பரவியது என்பது கணிப்பு. ஆப்பிரிக்காவிலும் கிழக்காசியாவிலும் கிட்டத்தட்ட இல்லை. நம் நாட்டில் இருக்கிறது, ஆனால் ஐரோப்பாவை விட மிகக் குறைவு.

அப்போ நம் ஊரில் பிரசவமான பெண்களுக்கு ரத்தக்கட்டி வருவதே இல்லையா? தாராளமாக வருகிறது. 1983ல் மதுரை நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன், கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் மூளை ரத்தக்குழாய் அடைபட்ட 135 பேரைப் பற்றி ஆஞ்சியாலஜி இதழில் எழுதினார். லெய்டன் ஜீனுக்குப் பெயர் வைக்க இன்னும் பதினோரு வருடம் இருந்தது. பிரசவத்துக்குப் பின் சில வாரங்கள் எந்தப் பெண்ணுக்கும் ரத்தம் எளிதில் உறையும், அது இயற்கை. அதோடு ரத்தசோகை, கிருமித்தொற்று, பச்சை உடம்புக்காரி என்று தண்ணீரே கொடுக்காமல் வைப்பது எல்லாம் சேர்ந்தால்? இன்றும் வார்டில் "தண்ணி குடுத்தா வயிறு போட்டுரும்" என்கிற பாட்டிமாரோடு எனக்கு தினமும் மல்லுக்கட்டுதான்.

இப்போது அந்த ரிப்போர்ட்டுக்கு வருவோம். புரோட்டீன் சி, எஸ் இரண்டையும் கல்லீரல் தயாரிக்க வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் வேலை செய்வதே அந்த வைட்டமினைத் தடுத்துத்தான். ஆக வார்ஃபரின் சாப்பிடுகிற யாருக்கு எடுத்தாலும் இரண்டும் குறைவாகத்தான் காட்டும். கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் புரோட்டீன் எஸ் தானாகவே குறையும். புதிதாகக் கட்டி உருவான நேரத்திலும் இவை செலவாகிக் குறையும். அந்தப் பேக்கேஜில் மாத்திரையால் மாறாதது லெய்டன் ஜீன் சோதனை. அது இல்லை என்றே வந்திருந்தது. அதை யாரும் படிக்கவில்லை.

அந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது கேட்டார்: "அப்போ நோய் இல்லையா?"

"இருக்கா இல்லையான்னு இந்தப் பேப்பர் சொல்லாதும்மா. மாத்திரை முடியட்டும்."

எடுத்தே இருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். இதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின் வந்த கட்டி என்றால் காரணம் கண்ணெதிரே இருக்கிறது, மூன்று மாத மருந்து போதும், பரம்பரைச் சோதனை வேண்டாம் என்பதில் பெரும்பாலும் ஒற்றுமை. பிரசவத்தை ஒட்டிய கட்டிக்கு சோதிக்கலாம் என்று 2023ல் அமெரிக்க ரத்தவியல் சங்கம் பரிந்துரைத்தது. ஆனால் ஆதாரம் பலவீனம் என்று அவர்களே சொல்லித்தான் பரிந்துரைத்தார்கள். எடுக்கும் நேரத்தைப் பற்றி மட்டும் சண்டையே கிடையாது. வார்ஃபரின் நடுவில் சி, எஸ் எடுக்கவே கூடாது.

லெய்டன் ஒற்றைப் பிரதி இருந்தால் முதல் கட்டி வரும் வாய்ப்பு சில மடங்கு கூடும். ஆனால் ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வருமா என்பதை அது பெரிதாகச் சொல்லாது. சொன்னது லெய்டன்காரர்களே. 474 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2005ல் எழுதினார்கள்.

தொடர் கருச்சிதைவுக்கு இந்தச் சோதனை எழுதிக்கொடுத்து, வந்தால் ஹெப்பாரின் போடுவதும் நடக்கிறது. 2023ல் லான்செட்டில் வந்த ஆய்வில் ஊசி போட்டவர், போடாதவர் இருவருக்கும் குழந்தை பிறந்தது கிட்டத்தட்ட ஒரே அளவு. அங்கே பார்க்க வேண்டியது ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி. அது பரம்பரை அல்ல, அதற்கு வைத்தியமும் உண்டு.

பின் யாருக்குத்தான் வேண்டும்? சின்ன வயதில், எந்தக் காரணமும் இல்லாமல் கட்டி வந்து, கூடப் பிறந்தவர், பெற்றவருக்கும் வந்திருந்தால். குடல், கல்லீரல் சிரை மாதிரி வழக்கமில்லாத இடத்தில் வந்தால், ரத்தவியல் மருத்துவர் மற்ற காரணங்களோடு இதையும் பார்ப்பார். குடும்பத்தில் ஆன்டித்ராம்பின், புரோட்டீன் சி, எஸ் குறைபாடு உறுதியாகி, அந்த வீட்டுப் பெண் கர்ப்பத்துக்கோ ஈஸ்ட்ரோஜன் மாத்திரைக்கோ தயாராகும்போது. மற்றபடி மாத்திரை தொடங்கும் எல்லாப் பெண்களுக்கும் சோதிக்கத் தேவையில்லை. 1994ல் லெய்டனிலேயே கணக்குப் பார்த்தார்கள். ஜீனும் மாத்திரையும் சேர்ந்த பெண்களிலேயே பத்தாயிரம் பேரில் வருடத்துக்கு 28, 29 பேருக்குத்தான் கட்டி வந்தது. ஜீனே அபூர்வமான நம் ஊரில் எத்தனை ஆயிரம் பேரைச் சோதித்தால் ஒருவரைக் காப்பாற்ற முடியும்?

பெரியவளுக்கு ஐப்பசியில் மூன்று மாதம் முடிந்து மாத்திரையை நிறுத்தினோம். ஆறு வாரம் கழித்து மார்கழியில் புரோட்டீன் சி, எஸ் மட்டும் திரும்ப எடுத்தோம். இரண்டும் நார்மல். உண்மையில் அவளுடைய வைத்தியத்துக்கு அந்த நார்மலும் தேவைப்படவில்லை. ஒருமுறை பிரசவத்தில் கட்டி வந்ததே போதும். அடுத்த கர்ப்பத்தில் ஹெப்பாரின் ஊசி, ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை கூடாது, காப்பர் டி போடலாம் என்று அவள் நோட்டில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன். ரிப்போர்ட் எப்படி வந்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன். மறு சோதனை எடுத்தது சம்பந்தி வீட்டுக்காக.

சின்னவளுக்கு எந்த டெஸ்ட்டும் எடுக்கவில்லை. தையில் பத்திரிகை வைக்க அம்மாவும் மகள்களும் சேர்ந்தே வந்தார்கள். பெரியவளின் கால் வீக்கம் வடிந்திருந்தது, கொலுசு போட்டிருந்தாள்.