ஒற்றும் ஒரு பெயரும்: சப்ரகமுவத் தோட்டப் பதிவுகளில் தமிழ் எழுத்து

தோட்டத் தமிழரின் வரலாற்றை ஆராய்வோர் சட்டங்களையும் உடன்படிக்கைகளையும் முதன்மைப்படுத்துவது இயல்பே. ஆயினும், அச்சட்டங்கள் ஒரு தொழிலாளியை வந்தடைந்தது அவர் பெயர் எழுதப்பட்ட ஒரு தாளின் வழியாகவே என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம், 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன்னர் மணமானவர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வதிந்தமையை நிறுவுமாறு வேண்டியது. அவ்வாறு நிறுவுவதற்குப் பல தாள்களிலும் காணப்படும் பெயர் ஒருவரையே குறிக்கின்றது என்பது முதலில் தெளிவாதல் வேண்டும். எனவே எழுத்து, இலக்கணத்தின் பொருளாக மட்டுமன்றி உரிமையின் பொருளாகவும் ஆயிற்று.

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்ட சப்ரகமுவவில் இச்சிக்கல் தனித்தன்மை உடையது. நுவரெலியாவைப் போலன்றி, இங்கே தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. தோட்டக் காரியாலயத்தின் செக்றோல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. பிள்ளையின் பெயர் தோட்டப் பாடசாலை வரவேட்டில் தமிழில் எழுதப்பட்டது. பிறப்புப் பதிவோ, 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்திற்குப் பின்னர் பெரும்பாலும் சிங்களத்திலேயே அமைந்தது. 1988இல் நிறைவேறிய அரசியலமைப்பின் பதினாறாந் திருத்தம் வடக்கு, கிழக்கு நீங்கலான மாகாணங்களிற் பொதுப் பதிவேடுகளின் மொழியாகச் சிங்களத்தை வைத்தது. அதேவேளை, அப்பதிவின் தமிழ் மொழிபெயர்ப்பைப் பெறும் உரிமையையும் அது வழங்கிற்று. ஆகவே, தமிழில் பிறந்த பெயர் பிறமொழி எழுத்தினூடாகச் சென்று மீண்டும் தமிழுக்குத் திரும்புகின்றது. திரும்பும்பொழுது அது புறப்பட்டபடியே வருவதில்லை.

எடுத்துக்காட்டாக, கேகாலைப் பகுதித் தோட்டமொன்றில் முத்துக்கருப்பன் என்பவருக்கு லெட்சுமி என்னும் மகள் பிறந்ததாகக் கொள்வோம். தந்தையின் பெயரை முதலில் நோக்குவோம். ‘முத்து’ என்பது வன்றொடர்க் குற்றியலுகரம். அதன்முன் வல்லினம் மிகுதல் விதி. ஆதலால் இடையே ககர ஒற்றுத் தோன்றும். ஆங்கிலத்தில் எழுதும் எழுதுவினைஞர் இவ்விரட்டிப்பைப் பொருட்படுத்துவதில்லை. சில வேளைகளிற் பெயரை இரண்டாகப் பிரித்தும் எழுதிவிடுவார். அதனைத் தமிழாக்குபவர் ‘முத்து கருப்பன்’ என எழுதுவாராயின், தந்தை பெயரை முன்னெழுதும் நம் வழக்கின்படி அது ‘முத்துவின் மகன் கருப்பன்’ எனப் பொருள்படும். ஓர் ஒற்று மறைந்ததனால் ஒருவர் இருவராகி விடுகின்றார். இப்பெயர் ஒரு சொல் என்பதற்கு அவ்வொற்றே சான்றாக நின்றது.

அடுத்து, கருப்பன் என்பதா கறுப்பன் என்பதா என்னும் வினா எழுகின்றது. ஈழத்துப் பாடநூல் வழக்கிற் ‘கறுப்பு’ என வல்லின றகரம் பயிலும். தமிழகத்திலிருந்து வந்த குடும்பப் பெயர்களில் ‘கருப்பன்’ என்பதே மிகுதி. சிங்கள எழுத்தில் இவ்விரு ஒலிகளுக்கும் ஒரே வடிவந்தான் உண்டு. ஆகவே பதிவைப் பார்த்து எது சரியென முடிவு செய்தல் இயலாது. ஆசிரியர் ஒருவர் நல்லெண்ணத்துடன் வரவேட்டில் ‘கறுப்பன்’ எனத் திருத்துவாராயின், பிழை திருத்தியவராகார். புதியதொரு பெயரைப் படைத்தவராவார்.

மகளின் பெயர் கிரந்த எழுத்துச் சிக்கலை நம்முன் வைக்கின்றது. வடசொற்கள் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் வழங்கப்பட வேண்டும் என்பது தொல்காப்பியர் கொள்கை. நன்னூலார் அதனை மேலும் விரித்து, எவ்வெழுத்து எதுவாகத் திரியும் என வகுத்தார். ‘க்ஷ’ என்பது சொல்லின் இடையிற் ‘க்க’ ஆகும். லகரம் மொழிக்கு முதலாகாமையின் இகரம் முன்வரும். இவ்விதிகளின்படி லக்ஷ்மி, ‘இலக்குமி’ ஆதல் வேண்டும். ‘இலட்சுமி’ என்பது பிற்கால வழக்கு. தோட்டங்களில் வழங்கும் ‘லெட்சுமி’ பேச்சொலியைத் தழுவியது. ரங்கசாமி ‘ரெங்கசாமி’ ஆனமை போன்றே, லகர அகரம் எகரமாயிற்று. சிங்களப் பதிவாளர் இதனைக் கேட்டபடி ‘லெச்சுமி’ என்றோ, தாம் அறிந்த வடமொழி வடிவத்திலோ எழுதக்கூடும். இவ்வாறு ஒரு பெண்ணுக்கு ஐந்து வடிவங்கள் உண்டாகின்றன. அவற்றுள் இலக்கணத்தாற் சிறந்தது எது என்பதன்று கேள்வி; ஊழியர் சேமலாப நிதிக்கு விண்ணப்பிக்கும்பொழுது அடையாள அட்டையோடு ஒத்துப்போவது எது என்பதே கேள்வி.

எனவே ஆவணத் தமிழில் இருவகைச் சொற்களை வேறுபடுத்திக் காணல் வேண்டும். ஆட்பெயர் ஒருவகை; அது மரபால் நிலைபெறுவது. உரியவரிடம் தமிழ் வடிவத்தைக் கேட்டறிந்து, பிறப்புப் பதிவோடு ஒப்புநோக்கி, அவ்வொன்றையே எங்கும் எழுதுதல் முறை. முந்திய தாள்களில் வேறு வடிவங்கள் இருப்பின் அவற்றைத் திருத்தி மறைக்காமல், அனைத்தும் ஒருவரையே குறிக்கும் எனச் சத்தியக் கடதாசியில் வெளிப்படையாகக் கூறுதல் நன்று.

பதவி, நிறுவனம் முதலியவற்றைக் குறிக்குஞ் சொற்கள் மற்றொரு வகை. இவற்றிற்கு விதியும் ஒருமைப்பாடும் இன்றியமையாதன. நாட்டின் பெயரையே காண்க: 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் தமிழில் ‘இலங்கைச் சனநாயக சோசலிசக் குடியரசு’ என்கின்றது. ‘ஜனநாயக’ என எழுதினால் ‘இலங்கை’ என்பதன் பின் ஒற்று மிகாது. மிகுவன க, ச, த, ப என்னும் நான்கே. சகரமாக எழுதியபோதே சகர ஒற்றும் உடன்வந்தது. எனவே கிரந்த எழுத்தை ஏற்பதா விடுவதா என்பதை முதலில் துணிந்த பின்னரே புணர்ச்சியை நோக்கலாம். ‘இலங்கைச் ஜனநாயக’ என எழுதுவோர் இரண்டு முறைகளையும் கலந்தவராவர். ‘சனாதிபதி’ எனத் தொடங்கிய சுற்றறிக்கை மறுபக்கத்தில் ‘ஜனாதிபதி’ என முடியுமாயின், இரு கைகள் எழுதியமை அதனாலேயே புலப்படும்.

ஊர்ப்பெயர்கள் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவை. இறக்குவானை, இரத்தினபுரி என்பவற்றில் மொழிமுதல் இகரம் பழைய விதியைக் காத்து நிற்கின்றது. வழக்கில் ஊன்றிய இவ்வடிவங்களை மாற்றுதல் வேண்டாம். மாகாணப் பெயரோ ‘சபரகமுவ’, ‘சப்ரகமுவ’, ‘சப்பிரகமுவ’ எனப் பலவாறு காணப்படுகின்றது. முதலாவது சிங்கள எழுத்தைப் பின்பற்றுவது. இரண்டாவது உச்சரிப்பைப் பின்பற்றுவது. மூன்றாவது மெய்ம்மயக்கத்தைத் தமிழியல்பிற்கு ஏற்ப நெகிழ்த்துவது. மூன்றிற்கும் நியாயம் உண்டு; ஆனால் ஒரே ஆவணத்தில் மூன்றும் வருவதற்கு நியாயமில்லை. இக்கட்டுரை ‘சப்ரகமுவ’ என்பதையே கொண்டு, ‘சப்ரகமுவத் தோட்டம்’ எனத் தகர ஒற்றையும் இட்டு எழுதியுள்ளது.

முத்துக்கருப்பன் தமது பெயருக்கு இலக்கணம் வேண்டி நிற்கவில்லை. அதே பெயர் தம் மகளின் பிறப்புச் சான்றிதழிலும், பின்னொரு நாள் தம் இறப்புச் சான்றிதழிலும் ஒரே வடிவில் இருத்தல் வேண்டும் என்பதே அவருக்குத் தேவை. அத்தாள்களைத் தமிழாக்க அமர்பவர் பேனாவை எடுப்பதற்கு முன் அக்குடும்பத்தாரிடம் கேட்கவேண்டியது ஒரே வினாதான்: “உங்கள் பெயரை நீங்கள் எப்படி எழுதுவீர்கள்?”