அநீதியான விதியும் சட்டம்தானா? 1970-களின் பினாங்கு வழக்குகள்

சட்டவியல் பாடத்தில் மாணவர்களைத் தடுமாற வைக்கும் கேள்வி இது: ஒரு விதி மிக அநியாயமானது என்றால், அது உண்மையில் சட்டம்தானா? பதில் எழுதும்போது பலரும் நாஜி ஜெர்மனிக்கே போய்விடுகிறார்கள். ஜார்ஜ்டவுனிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது.

1969 மே கலவரத்துக்குப் பின் நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, நாடாளுமன்றம் இடைநிறுத்தப்பட்டது. அது 1971 பிப்ரவரி 20-இல் மீண்டும் கூடியது. ஆனால் அவசரகாலப் பிரகடனம் நீங்கவில்லை. அந்த நிலையில்தான் 1975-இல் பாதுகாப்பு வழக்குகளுக்கான விதிமுறைகள் வந்தன. வழக்கறிஞர்கள் அதைச் சுருக்கமாக 'எஸ்கார்' என்பார்கள். இதன்படி ஜூரி கிடையாது. சாட்சியின் அடையாளத்தை மறைக்கலாம், செவிவழிச் சாட்சியத்தையும் ஏற்கலாம். பதினெட்டு வயது நிரம்பாதவரையும் பெரியவரைப் போலவே விசாரிக்கலாம். துப்பாக்கி வைத்திருந்தால் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் (இசா) கீழ் கட்டாய மரண தண்டனை.

1977-இல் பினாங்கு உயர் நீதிமன்றத்தில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இந்த விதிகளின்படியே மரண தண்டனை விதிக்கப்பட்டது. இளையோர் நீதிமன்றச் சட்டம் அவனைத் தூக்கிலிருந்து காத்திருக்கும். எஸ்கார் அந்தக் காப்பை எடுத்துவிட்டது. அவனுக்காக வாதாடியவர் கர்பால் சிங். கடைசியில் மன்னிப்பினால்தான் அவன் உயிர் தப்பினான். அதே ஆண்டு அக்டோபரில் வழக்கறிஞர் மன்றம் கூடி, எஸ்கார் வழக்குகளில் உறுப்பினர்கள் வாதாட வேண்டாம் என்று தீர்மானித்தது.

இப்போ கேள்விக்கு வருவோம். இயற்கைச் சட்டக் கொள்கை என்ன சொல்லும்? சட்டம் என்பது நீதியோடு பிணைந்தது. அந்தப் பிணைப்பு முற்றாக அறுந்துபோனால் அது சட்டம் என்ற பெயருக்கே தகுதியற்றது. ஜெர்மன் அறிஞர் குஸ்தாவ் ராட்ப்ரூக் 1946-இல் இதற்கு ஓர் எல்லை வைத்தார்: சாதாரண அநீதி சட்டத்தைக் குலைக்காது, சகிக்க முடியாத அநீதிதான் குலைக்கும். குழந்தையைத் தூக்கிலிடும் விதி அந்த எல்லையைத் தாண்டுகிறதா என்பதை வகுப்பில் விவாதிக்கலாம்.

நேர்க்காட்சிச் சட்டவாதம் வேறு இடத்தில் பார்க்கிறது. விதி நல்லதா என்று கேட்பதற்கு முன், அதை யார் போட்டது, அப்படிப் போட அவருக்கு அதிகாரம் இருந்ததா என்று கேட்கும். பினாங்கிலிருந்து போன தே செங் போ வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் கேட்டதும் இதைத்தான். துப்பாக்கி வைத்திருந்ததற்காக மரண தண்டனை பெற்றவர் அவர். 1978 டிசம்பரில் டிப்லாக் பிரபு வழங்கிய தீர்ப்பு எஸ்கார் செல்லாது என்றது. காரணத்தைக் கவனியுங்கள்: கொடூரமானது என்பதால் அல்ல. அரசியலமைப்பின் 150-ஆவது விதி, நாடாளுமன்றம் கூடும்வரைதான் மாமன்னருக்கு அவசரச் சட்டம் இயற்றும் அதிகாரம் தந்தது. அது கூடிய பின் 1975-இல் போட்ட விதிகளுக்கு அந்த அதிகாரம் இல்லை. இசாவோ, கட்டாய மரண தண்டனையோ இதனால் விழவில்லை.

அடுத்து நடந்தது எனக்கு இன்னும் முக்கியமாகத் தோன்றுகிறது. 1979-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, 1971 பிப்ரவரி 20 முதலே அமலில் இருந்ததாகக் கருதச் சொல்லி, எஸ்காருக்கு உயிர் கொடுத்தது. விதிகளின் கடுமை குறையவில்லை. பிறப்பில் இருந்த குறைதான் சரி செய்யப்பட்டது. சட்டத்தின் செல்லுபடி அதன் மூலத்தைப் பொறுத்தது என்றால், மூலத்தைத் திருத்திவிட்டால் போதும். பின்னோக்கிப் போய்ப் பிடிக்கும் இப்படிப்பட்ட சட்டத்தைத்தான் அமெரிக்க அறிஞர் லான் ஃபுல்லர் சட்டத்தின் உள் ஒழுக்கத்துக்குப் பெரும்பாலும் பொருந்தாதது என்பார். ஆனால் அவரும் இதை முழுதாக விலக்கவில்லை; ஒரு தவறைச் சரிசெய்ய எப்போதாவது தேவைப்படலாம் என்று ஒத்துக்கொண்டார். இது தவறைச் சரிசெய்வதா, தவறை நிலைநிறுத்துவதா?

தேர்வுத் தாளில் அடிக்கடி வரும் ஒரு வரி இது: 'நேர்க்காட்சிவாதிகள் அநீதியான சட்டத்துக்கும் கீழ்ப்படியச் சொல்கிறார்கள்.' எச்.எல்.ஏ. ஹார்ட் அப்படிச் சொல்லவே இல்லை. இது சட்டம்தான், ஆனால் கீழ்ப்படிய முடியாத அளவுக்குக் கொடியது என்று சொல்ல அவர் இடம் வைத்திருந்தார். சட்டமா என்பது ஒரு கேள்வி, கீழ்ப்படியலாமா என்பது இன்னொன்று. 1977-இல் வழக்கறிஞர் மன்றம் எடுத்த முடிவு ஹார்ட்டுக்குப் பக்கத்தில் வருகிறது என்பேன். எஸ்கார் நீதிமன்றத்தில் செல்லும் என்று தெரிந்தே, அதில் பங்கெடுக்க மறுத்தார்கள். அதையே ராட்ப்ரூக் பக்கம் நின்றும் படிக்கலாம் என்று மாணவர் வாதிட்டால், காரணம் சொன்னால் மதிப்பெண் தாருங்கள்.

அவசரகாலப் பிரகடனங்கள் 2011 இறுதியில்தான் நாடாளுமன்றத்தில் ரத்தாயின. அதற்குப் பின் ஆறு மாதம் முடியும்வரை, நேர்க்காட்சிவாதத்தின் கணக்குப்படி, எஸ்கார் சட்டமாகவே இருந்தது.