சாய்ந்த p-யும் விடுபட்ட பூஜ்யமும்

இளையாத்தங்குடியிலிருந்து பஸ் ஏறிப் போய்க் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் கல்வியியல் ஆய்வு செய்கிற பிள்ளைகளின் ஏட்டில், முடிவுகள் அத்தியாயத்தில் அநேகமாக இப்படி ஒரு வரி இருக்கும்: t(58)=2.4, p=0.020, d=.62. முப்பது முப்பது மாணவர்களாக இரண்டு குழு. ஒரு குழுவுக்குப் புதிய முறையில் பாடம். கணக்கில் பிழை இல்லை. ஆனால் உளவியல், கல்வியியல் ஆய்விதழ்கள் பலவும் பின்பற்றும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடையில் அதே வரி இப்படி வர வேண்டும்:

*t*(58) = 2.40, *p* = .020, *d* = 0.62

ஓரிடத்தில் பூஜ்யம் போயிற்று, இன்னோரிடத்தில் பூஜ்யம் வந்தது. இது யாருடைய விருப்பத்துக்கோ போட்ட விதி அல்ல. *p* என்பது நிகழ்தகவு. அது ஒன்றைத் தாண்டவே முடியாது. ஒட்டுறவுக் கெழு *r* என்பதும் அப்படித்தான். புள்ளிக்கு முன்னால் முழு எண் வரும் பேச்சே இல்லாத இடத்தில் பூஜ்யம் எதற்கு? *d* அப்படியல்ல. இரண்டு சராசரிகளின் இடைவெளியைத் திட்டவிலக்கத்தால் அளப்பது அது, 1.3 என்றும் வரலாம். அங்கே பூஜ்யத்தை விட்டால், முன்னால் இருந்த ஒன்று அச்சில் விழுந்துவிட்டதோ என்று படிப்பவர் சந்தேகப்படுவார்.

பூஜ்யமில்லாத எழுத்து, விதி பிறப்பதற்கு முன்பே வழக்கில் இருந்தது. 1925-இல் ஃபிஷர் எழுதிய புள்ளியியல் நூலில் P = .05 என்றே இருக்கிறது, பெரிய P போட்டு. டப்ளின் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்த காசெட் 1908-இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் கொடுத்த அளவு அப்போது z. 1920-களில்தான் அது திருத்தம் பெற்று t ஆனது. ஆக, எழுத்துகளே அப்போதுதான் நிலைபெற்றுக்கொண்டிருந்தன.

1928-இல் வாஷிங்டனில் மாடிசன் பென்ட்லி தலைமையில் மானுடவியல், உளவியல் இதழாசிரியர்கள் கூடினார்கள். அடுத்த ஆண்டு, கட்டுரைப்படியை எப்படித் தயாரிப்பது என்று ஏழு பக்கத்தில் ஒரு குறிப்பு வெளியானது. 1952-இல் அது அறுபது பக்க அளவில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் கையேடாக வளர்ந்தது. ஏழாம் பதிப்பு 2019-இல் வந்தது.

சாய்வெழுத்து இதற்கெல்லாம் மூத்தது. கணிதத்தை அச்சிட்டவர்கள், வாக்கியத்தின் நடுவே ஓர் அளவைக் குறிக்கும் ஒற்றை எழுத்து சொல்லோடு கலந்துவிடாதபடி சாய்த்துக் கோத்தார்கள். தட்டச்சுப் பொறியில் சாய்வு கிடையாது. எனவே ஆசிரியர் எழுத்தின் அடியில் கோடு போட்டு அனுப்புவார். அதைப் பார்த்து அச்சுக்கோப்பவர் சாய்வெழுத்தை எடுப்பார். கணினி வந்தபின் கோடு போய்ச் சாய்வே வந்தது. கிரேக்க எழுத்துகளான χ, β ஆகியவற்றை மட்டும் இந்த நடை நிமிர்த்தியே வைக்கிறது.

அதே காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்குப் போனால் பூஜ்யம் திரும்பி வந்துவிடும். அங்கே மின்னழுத்தம் *E* = 0.62 V. அவர்கள் துறையில் பன்னாட்டு அலகுமுறையே வழக்கு: அளவின் எழுத்து சாயும், அலகின் எழுத்து நிமிரும், எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே ஓர் இடம் விடவேண்டும், பூஜ்யம் கட்டாயம். மருத்துவத்தில் லான்செட் இதழ் நெடுங்காலம் p=0·02 என்று புள்ளியை நடுவரியில் தூக்கி வைத்தது. அதனால் கட்டுரையை எந்த இதழுக்கு அனுப்புகிறோம் என்று முடிவு செய்யாமல் இந்தத் திருத்தங்களில் கைவைப்பது வீண் உழைப்பு.

பிழை எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருள் வழக்கமாக ஒன்றுக்குக் குறைந்த எல்லா எண்ணுக்கும் பூஜ்யத்தை விட்டே அட்டவணை போடும். அதை அப்படியே ஒட்டினால் *p* சரியாக அமைந்துவிடும், *d*-யும் திட்டவிலக்கமும் தவறாகும். எக்செல்லில் இதற்கு நேர்மாறு: எல்லாவற்றுக்கும் பூஜ்யம் வரும், கடைசிப் பூஜ்யம் உதிர்ந்து 2.40 வெறும் 2.4 ஆகும். இரண்டிலிருந்தும் எடுத்து ஒட்டியவரின் ஏட்டில் பக்கத்துக்குப் பக்கம் வழக்கு மாறும். அதைவிட மோசமானது *p* = .000. நிகழ்தகவு அங்கே பூஜ்யமாகிவிடவில்லை, மூன்று தசம இடத்துக்குள் அடங்காத அளவு சிறியது, அவ்வளவுதான், *p* < .001 என்று எழுத வேண்டும்.

இடைவெளிக்கும் ஒரு வழி உண்டு. சமக்குறியின் இரு பக்கமும் சாதாரண இடம் விட்டால், வரியின் ஓரத்தில் *p* நின்றுகொண்டு .020 அடுத்த வரிக்கு ஓடிவிடும். வேர்டில் Ctrl+Shift+Space அழுத்தினால் பிரியாத இடைவெளி விழும்; மூன்றும் ஒன்றாகவே நகரும். எதிர்மறைக் குறிக்கும் அதன் எண்ணுக்கும் நடுவே மட்டும் இடம் விடக்கூடாது: *t*(58) = −2.40.