‘கொக்கோரோ’ புதினத்தில் நட்பும் காதலும்

சப்பானிய எழுத்தாளர் நட்சுமே சோசெகி 1914இல் நாளிதழ்த் தொடராக எழுதிய ‘கொக்கோரோ’ புதினத்தில், கமக்குரா கடற்கரையில் கண்ட மூத்தவர் ஒருவரைச் ‘சென்செய்’ என அழைத்து, மாணவன் ஒருவன் விடாது நாடுகிறான். இஃது ஆசிரியர்பால் கொண்ட பற்று மட்டுமா?

பதின்மூன்றாம் இயலை நோக்குக. மாணவன் தம்மை நாடியதும் காதலின் தூண்டுதலே என்றும், பெண்ணை அடையுமுன் ஒரு படியாக ஆடவராகிய தம்மிடம் வந்தான் என்றும் சென்செய் கூறுகிறார். இரண்டும் இயல்பால் வேறல்லவா என மாணவன் மறுக்க, அவர் ஒன்றே என்கிறார். ஆகவே, ஒருபால் ஈர்ப்பு எனும் பொருள் நாம் வலிந்து ஏற்றியதன்று, மூலத்திலேயே உளது.

எனினும் எல்லையும் உண்டு. அக்கூற்று சென்செய்யினுடையது, மாணவன் அதற்கு உடன்படவில்லை. அவர்தம் இறுதி மடலோ, ஒரு பெண்ணின்பால் கொண்ட காதலையும், அதன்பொருட்டு நண்பனுக்கு இழைத்த வஞ்சகத்தையும் பேசுகிறது. ஆதலின், இவர்களைக் காதலர் என முடிவு கட்டாது, காதலெனும் சொல்லால் சுட்டப்பெற்ற நட்பினர் எனக் கொள்வதே பாடத்திற்கு இயைந்த வாசிப்பாகும்.