கண்ணுக்குத் தெரியாத உழைப்பும் கம்பெனித் தலைவர் ஊதியமும்

கம்பெனித் தலைவர் மனமொன்றி உழைக்கிறாரா என்பதைப் பங்குதாரர் நேரில் காண இயலாது. ஆண்டிறுதி இலாபத்தையே காண்கின்றனர். ஆகவே அந்த இலாபத்தில் பங்கு கொடுப்பதென்று அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியின் பங்குதாரர்கள் 1912-இல் விதி வகுத்தனர். 1910-இன் இலாபமான சுமார் 82 இலட்சம் டாலருக்கு மேல் வருவதில் நூற்றுக்கு இரண்டரை தலைவருக்கு.

சிறு விகிதந்தான். ஆனால் எல்லைக்கோடு 1910-இலேயே நின்றுவிட, சிகரெட் வாணிகம் பன்மடங்கு பெருகியது. 1930-இல் தலைவர் ஹில் பெற்ற ஊக்கத்தொகை மட்டும் 8,42,507 டாலர்! இதற்கெதிராகப் பங்குதாரர் ஒருவர் தொடுத்த வழக்கில், தொகை அளவிறந்து பெருகினால் அது கம்பெனிச் சொத்தைச் சூறையிடுவதாகும் என்று 1933-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருதியது.

ஹில் சோம்பேறி அல்லர். விளம்பரக் கலையில் வல்லவர். ஆயினும் அந்த இலாபத்தில் அவர் உழைப்பு எவ்வளவு, புகைப்பழக்கம் பரவியதன் பயன் எவ்வளவு? விதி இவற்றைப் பிரித்தறியவில்லை. குறை அங்கேதான் என்பேன்.

உழைப்பைப்பற்றிக் கூடுதல் செய்தி தரும் எந்த அளவையையும் ஒப்பந்தத்தில் சேர்ப்பது நலம் என்று 1979-இல் ஹோல்ம்ஸ்ட்ராம் நிறுவினார். போட்டிக் கம்பெனிகளின் இலாபத்தோடு ஹில்லின் இலாபத்தை ஒப்பிட்டிருந்தால், அனைவருக்கும் பொதுவாக வாய்த்த நற்காலம் கணக்கிலிருந்து கழிந்திருக்கும். ஆனால் அப்போது, தாம் உயராமல் போட்டியாளரைத் தாழ்த்தியும் தலைவர் பரிசு பெறலாமே!